இரண்டாவது பட்டாம்பூச்சி: சோம்பேறிக் கண் ஆழப் பார்வையைப் பறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரியில் ஒரு சிறிய கண் கிளினிக்கில் நான் ஆப்டோமெட்ரிஸ்ட். பவர் பார்ப்பது, மாறுகண் சோதனை, சோம்பேறிக் கண் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி, இவைதான் என் அன்றாட வேலை. கண்ணில் நோய் இல்லாமலே, மூளை அதன் படத்தை அமுக்கிவிடுவதால் பார்வை குறைந்த கண்ணைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். கண் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் மலையேறி வருவார். இங்கே எழுதப்போவது, பதினெட்டு மாதம் நாங்கள் பார்த்துவந்த ஒரு சிறுமியைப் பற்றி. அவளுக்குப் பார்வை பெருமளவு திரும்பியது. ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து தரவேண்டிய ஆழம் அதே அளவுக்குத் திரும்பவில்லை. இந்த இரண்டும் வேறுவேறு என்பதைப் பெற்றோர்கள் மட்டுமல்ல, எங்கள் தொழிலில் இருப்பவர்களும் சில சமயம் மறந்துவிடுகிறோம்.

முதல் நாள்

ஏழு வயது நான்கு மாதம். இரண்டாம் வகுப்பு. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், அப்பா லாரி ஓட்டுநர். பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் இடது கண் சரியில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய வருடமும் பரிசோதனை நடந்திருக்கிறது, அப்போது தேறிவிட்டாள். எப்படித் தேறினாள் என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்தது. வலது கண்ணை மூடச் சொன்னதும் உள்ளங்கையை வைத்து மூடினாள், விரலிடுக்கு வழியாக அந்தக் கண்ணாலேயே படித்தாள். ஏமாற்ற வேண்டும் என்று செய்வதல்ல இது. நன்றாகத் தெரிகிற கண்ணைக் குழந்தை தானாகவே தேடும். அதனால்தான் நாங்கள் கையால் மூடவிடாமல் பிளாஸ்திரி ஒட்டித்தான் பார்க்கிறோம்.

ஒட்டிப் பார்த்தபோது வலது கண் 6/6, அதாவது குறையில்லாத பார்வை. இடது கண் 6/60, அதாவது அட்டையின் மேலே இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும்.

"வீட்டில் ஏதாவது வித்தியாசமாகச் செய்வாளா அம்மா?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். பிறகு யோசித்து, "டீ ஊத்தும்போது மட்டும் பாருங்க சார், சொம்பு மூக்கை டம்ளர் விளிம்புல ஒரு தடவை தொட்டுட்டுத்தான் ஊத்துவா. சின்னப் புள்ளையில இருந்தே அப்படித்தான்" என்றார்.

தண்ணீர் பாட்டிலையும் ஒரு டம்ளரையும் கொடுத்து ஊற்றச் சொன்னேன். பாட்டிலை மெதுவாகக் கொண்டுவந்து, விளிம்பில் 'டிக்' என்று தொட்டு, பிறகுதான் சாய்த்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கண் சொல்லாததைக் கை தொட்டுத் தெரிந்துகொள்கிறது. அடுத்து ஒரு பேனா மூடியை நான் பிடித்துக்கொண்டு, அதற்குள் பேனாவைப் பக்கவாட்டிலிருந்து நுழைக்கச் சொன்னேன். மூன்று முறையும் மூடிக்குப் பின்னால் போய்விட்டது. என் கை காற்றில் இருந்ததால் தொட்டுப் பார்க்க வழியில்லை.

இரண்டு படம், ஓர் ஆழம்

நம் இரண்டு கண்களும் ஒரே இடத்தில் இல்லை. பெரியவர்களுக்கு நடுவில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி. இந்தச் சிறுமிக்கு அளந்தபோது 5.2. அதனால் ஒரே பொருளை இரண்டு கண்ணும் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன. மூக்குக்கு நேராக ஒரு விரலை நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சன்னல் கம்பி இடமும் வலமுமாகத் தாவும். நாம் உற்றுப் பார்க்கும் பொருள் இரண்டு விழித்திரையிலும் மிகக் கூர்மையாகப் பார்க்கும் இடமான நடுக்குழியில் விழுகிறது. அதற்கு முன்னேயும் பின்னேயும் இருப்பவை இரண்டு விழித்திரையிலும் பொருந்தாத இடங்களில் விழுகின்றன. எவ்வளவு பொருந்தவில்லை என்பதுதான் இருகண் வேறுபாடு. அந்த வேறுபாட்டை மூளை 'முன்னால்', 'பின்னால்' என்று வாசிப்பதுதான் ஸ்டீரியோப்சிஸ், தமிழில் இருகண் ஆழப் பார்வை.

வேறுபாடு மட்டுமே ஆழத்தைத் தர முடியும் என்பதை 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டோன் கண்ணாடிகள் வைத்த ஒரு கருவியால் காட்டினார். தட்டையான இரண்டு கோட்டுப் படங்கள், கண்ணுக்கு ஒன்றாக. பார்ப்பவருக்கோ திரண்ட ஓர் உருவம். 1960-ல் பேலா யூலெஸ் இன்னொரு படி போனார். வெறும் புள்ளிகள் சிதறிய இரண்டு படங்கள். ஒற்றைக் கண்ணால் எவ்வளவு பார்த்தாலும் அதில் எந்த உருவமும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு சதுரம் எழும்பி நிற்கும். இந்தப் புள்ளிப் படம் நம் கதையில் திரும்ப வரும்.

இந்த வேறுபாடு மிக நுணுக்கமானது, ஆர்க் செகண்ட் என்ற அலகில் அளக்கிறோம். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு. தூரம் கூடக்கூட இது வேகமாகச் சுருங்கும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். கணக்கு இவ்வளவுதான், விடை ரேடியனில் வரும், அதை 2,06,265-ஆல் பெருக்கினால் ஆர்க் செகண்ட்:

வேறுபாடு ≈ கண் இடைவெளி × ஆழ வித்தியாசம் ÷ தூரம்²

60 ஆர்க் செகண்ட் வரை பிரித்தறியும் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் தூரத்தில், அதாவது டம்ளர் இருக்கும் தூரத்தில், அவளால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முன்பின் வித்தியாசத்தைக் கண்டுகொள்ள முடியும். 3000 ஆர்க் செகண்ட் அளவுக்குப் பெரிய வேறுபாடு மட்டுமே தெரிகிற குழந்தைக்கு, அதே தூரத்தில் 4, 5 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால்தான் தெரியும். ஒரு டம்ளர் வாயின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு என்னும்போது, விளிம்பைத் தொட்டுப் பார்க்காமல் அவள் எப்படி ஊற்றுவாள்?

ஆனால் எதிர்மலையைப் பார்க்கும்போது அவளும் நாமும் ஒன்று. 60 ஆர்க் செகண்ட் பார்வை உள்ள குழந்தைக்கே சுமார் 180 மீட்டருக்கு அப்பால் இருகண் வேறுபாடு எதுவும் சொல்லாது. கோடநாடு காட்சிமுனையில் நின்று பார்க்கையில் ஒரு மலைக்குப் பின் இன்னொரு மலை என்று தெரிவது, முன்மலை பின்மலையை மறைப்பதாலும், தூரத்து மலை நீலம் பூத்து வெளிறித் தெரிவதாலும். அதற்கு ஒரு கண் போதும். நிழல், அளவு, ஒன்றை ஒன்று மறைப்பது, தலையை அசைக்கும்போது பக்கத்துப் பொருள் வேகமாக நகர்வது என்று ஒற்றைக் கண்ணுக்கும் ஆழக் குறிப்புகள் ஏராளம். சோம்பேறிக் கண் உள்ள குழந்தை இவற்றிலேயே வளர்ந்து பழகிவிடுகிறது. 'ஆழமே தெரியாது' என்று பெற்றோரிடம் சொல்வது தவறு. கை எட்டும் தூரத்தில் நுட்பமான ஆழம் தெரியாது என்பதே சரி. குழந்தை ஒருநாளும் வந்து முறையிடாததற்குக் காரணமும் இதுவே. இழந்தது என்னவென்று அதற்குத் தெரியாது.

சோதனைகள் சொன்னது

முதலில் ஈ படம். போலராய்டு கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒரு பெரிய ஈ புத்தகத்திலிருந்து எழும்பி நிற்கும். சிறகைப் பிடி என்றால், ஆழம் தெரிகிற குழந்தையின் விரல் தாளுக்கு மேலே காற்றில் கிள்ளும். இவள் காற்றில்தான் கிள்ளினாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. 3000 ஆர்க் செகண்ட் அளவுக்காவது இருக்கிறது.

அடுத்தது வட்டங்கள். நான்கு வட்டத்தில் எது முன்னால் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு வரிசையையும் டக்கென்று சரியாகச் சொன்னாள். அதாவது 400 ஆர்க் செகண்ட். அப்படியே எழுதிவிட்டிருப்பேன். சந்தேகத்துக்கு இடது கண்ணை மூடிவிட்டு மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே சரியான பதில். ஒற்றைக் கண்ணுக்கு ஆழ வேறுபாடே கிடையாது, பின் எப்படி? முதல் சில வரிசைகளில் அந்த வட்டம் பக்கவாட்டில் லேசாக நகர்ந்து இருக்கும், கூர்ந்து பார்க்கும் குழந்தைக்கு அது போதும். புத்தகத்தைக் கால் திருப்பு திருப்பிப் பிடிப்பது இன்னொரு வழி. படத்தின் வேறுபாடு மேலும் கீழுமாகிவிடுவதால் உண்மையான ஆழம் மறைந்துவிடும். அப்போதும் குழந்தை பதில் சொன்னால் அது ஆழத்தைப் பார்க்கவில்லை. ஈ படத்தையும் அப்படித் திருப்பிக் காட்டினேன். இம்முறை தாளைத் தொட்டாள். ஆக ஈ உண்மை, வட்டங்கள் ஊகம்.

அப்புறம் டிஎன்ஓ. சிவப்பு–பச்சைக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் புள்ளிப் படங்கள், யூலெஸின் வழி வந்தவை. முதல் பக்கத்தில் இரண்டு பட்டாம்பூச்சிகள். ஒன்று யாருக்கும் தெரியும். இன்னொன்று இருகண் ஆழம் இருந்தால் மட்டுமே புள்ளிகளுக்குள்ளிருந்து வெளிவரும்.

"எத்தனை பட்டாம்பூச்சி கண்ணு?"

"ஒண்ணு."

"நல்லாத் தேடிப் பாரு."

பக்கம் முழுக்க விரலை ஓட்டித் தேடினாள். விரல் இரண்டாவது பட்டாம்பூச்சியின் மேலேயே போய் வந்தது. "ஒண்ணுதான் சார்."

கடைசியாக நான்கு விளக்குச் சோதனை. வலது கண்ணுக்கு முன் சிவப்புக் கண்ணாடி, இடதுக்கு முன் பச்சைக் கண்ணாடி. ஓரடி தூரத்தில் நான்கு விளக்கும் தெரிந்தன. ஆறு மீட்டருக்குப் போனதும் இரண்டே சிவப்பு விளக்கு, அதாவது வலது கண் பார்ப்பது மட்டும். கிட்டத்தில் அந்த விளக்குகள் விழித்திரையில் அகலப் பரவி விழுகின்றன, தூரத்தில் நடுவில் ஒடுங்கி விழுகின்றன. ஆக இடது கண்ணின் ஓரப் பார்வையை மூளை ஏற்றுக்கொள்கிறது, நடுப் பார்வையை அமுக்கிவிடுகிறது. ஈ தெரிந்ததும் பட்டாம்பூச்சி தெரியாததும் இதோடு பொருந்துகிறது. பெரிய, கரடுமுரடான ஆழத்துக்கு ஓரப் பார்வை போதும். நுட்பமான ஆழத்துக்கு இரண்டு கண்ணின் நடுக்குழியும் வேண்டும்.

மாறுகண் இருக்கிறதா என்று மூடித் திறந்து பார்த்தோம், இல்லை. மருத்துவர் சொட்டு மருந்து போட்டு, கண்ணின் குவிக்கும் தசையைத் தளரவைத்துப் பவர் பார்த்தார். வலது ப்ளஸ் 1.00, இடது ப்ளஸ் 4.75. விழித்திரை, நரம்பு, லென்ஸ் எல்லாம் சுத்தம். சரியான லென்ஸ் போட்டுப் படிக்க வைத்தும் இடது கண் 6/36-ல் நின்றது. தனி எழுத்தாகக் காட்டினால் 6/18. வரிசையாக நெருக்கி வைத்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்புவது சோம்பேறிக் கண்ணின் அடையாளம்.

ஏன் இப்படி ஆனது

கண் குவிக்கும்போது இரண்டு கண்ணும் ஒரே அளவில்தான் குவிக்கும், தனித்தனியாகக் குவிக்க முடியாது. வலது கண்ணுக்குக் கொஞ்சம் குவித்தால் போதும், படம் தெளிவு. இடதுக்கு அதைவிட 3.75 பவர் அதிகம் வேண்டும், அது கிடைப்பதே இல்லை. குழந்தை கிட்டத்தில் பார்த்தாலும் எட்டத்தில் பார்த்தாலும் இடது கண்ணின் படம் எப்போதும் மங்கல்.

குழந்தை பிறக்கும்போது இருகண் ஆழப் பார்வை இருப்பதில்லை. மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் அது திடுமென்று தோன்றுகிறது, பிறகு வருடக் கணக்கில் கூர்மை ஏறுகிறது. பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணியில், இரண்டு கண்ணிலிருந்தும் வரும் செய்தியைச் சேர்த்து வாங்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. வேறுபாட்டை அளப்பவை அவைதான். நுட்பமான வேறுபாட்டை அளக்க, இரண்டு பக்கமும் நுட்பமான கோடுகள் வரவேண்டும். ஒரு பக்கம் எப்போதும் மங்கலாகவே வந்தால் ஒப்பிட எதுவும் இல்லை. மூளை அந்தப் பக்கத்தின் நடுப் பகுதியை அமுக்கத் தொடங்குகிறது. கண்ணில் நோயே இல்லாமல் பார்வை குறைவது இப்படித்தான்.

1960-களில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளில் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கண்ணை மூடி வளர்த்த குட்டிகளில், புறணியின் நரம்பணுக்கள் கிட்டத்தட்ட எல்லாம் திறந்த கண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1965-ல் வந்த இன்னொரு ஆய்வு. அதில் எந்தக் கண்ணையும் மூடவில்லை, தசையை வெட்டி மாறுகண் மட்டும் உண்டாக்கினார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே வேலை செய்யும் நரம்பணுக்கள் இருந்தன. ஆனால் இரண்டையும் சேர்த்து வாங்குபவை பெரும்பாலும் காணாமல் போயிருந்தன. இரண்டு கண்ணும் தனித்தனியே பார்க்கலாம், சேர்ந்து பார்ப்பது போய்விடலாம். கண்ணை மூடிப் பயிற்சி கொடுத்துப் பார்வையை மீட்ட பிறகும் ஆழம் பின்தங்கிப்போவதற்கு என்னிடம் உள்ள சிறந்த விளக்கம் இதுதான். மூடுவது ஒரு கண்ணுக்கு வேலை தருகிறது, இரண்டையும் சேர்த்துவைக்கும் வேலையை அது செய்வதில்லை.

சிகிச்சை

முதலில் கண்ணாடி மட்டும். வலது ப்ளஸ் 0.50, இடது ப்ளஸ் 4.25. இரண்டிலும் சம அளவில் அரை பவர் குறைத்தோம், வித்தியாசத்தைக் குறைக்கவில்லை. அதைக் குறைத்தால் சிகிச்சையே இல்லை. லென்ஸ் பாலிகார்பனேட், எளிதில் உடையாது. இவளிடம் இருப்பது ஒரே நல்ல கண். அடிபட்டால் போயிற்று.

நல்ல கண்ணை ஒட்டி மூடும் பேட்ச்சை அன்றைக்கே கொடுக்கக்கூடாதா என்று கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் கண்ணாடி மட்டுமே போட்டு 16 வாரம் காத்திருந்தால் பல குழந்தைகளுக்குப் பார்வை தானாகவே ஏறும், சிலருக்குப் பேட்ச்சே தேவைப்படாது. அதோடு இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போதே தெளிவான படம் கிடைக்கும் காலம் அது. ஆழத்துக்கு அது நல்லது. சிக்கல் வேறு பக்கம் வந்தது. காலைப் பனியில் பள்ளிக்கு நடக்கும்போது கண்ணாடி மூடிப்போகிறது என்று கழற்றிப் பையில் வைத்துவிடுவாள். முதல் ஆறு வாரத்தில் எந்த முன்னேற்றமும் இல்லாததன் காரணம் அது. காதுக்குப் பின்னால் பிடிக்கும் பட்டை வைத்து, துடைக்க ஒரு பருத்தித் துணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொடுத்தார் அம்மா. பதினாறாம் வாரம் இடது கண் 6/18.

அப்புறம் பேட்ச், தினமும் இரண்டு மணி நேரம். பாட்டிக்கு இது பொறுக்கவில்லை. "நல்ல கண்ணைப் போய் மூடறாங்களே" என்று அழுதிருக்கிறார். அடுத்த முறை அவரையும் அழைத்து வரச்சொல்லி, பேத்தியின் வலது கண்ணை மூடிவிட்டு அட்டையைப் படிக்கச் சொன்னேன். பாதி எழுத்து தடுமாறியதைப் பார்த்தவர், வீட்டுக்குப் போனதும் கடிகாரத்தை வைத்து நேரம் பார்க்கும் ஆளாகிவிட்டார். அவர் கண்டுபிடித்த வேலைதான் மிகச் சிறந்த பயிற்சி: முறத்தில் அரிசியைப் பரப்பி, இடது கண்ணால் கல் பொறுக்குவது. ஒரே ஒரு கண்டிப்பு வைத்தோம். பேட்ச் போட்டிருக்கும்போது உட்கார்ந்தே இருக்கவேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு இறங்கும் படிகள் செங்குத்து, மழையில் பாசி வேறு.

பத்து வாரத்தில் 6/12. அங்கே நின்றுவிட்டது. நான்கு மணி நேரமாக்கினோம். ஒவ்வொரு வருகையிலும் வலது கண்ணையும் பார்த்தோம், மூடிய கண் சோம்பிவிடக்கூடாது. பதினோராம் மாதம் இடது கண் 6/9-க்கு வந்தது. திடீரென்று நிறுத்தாமல் மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்தோம். நிறுத்திய முதல் வருடத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது என்பதால், அவளை இன்னும் வரச்சொல்கிறோம்.

ஏழு வயதைத் தாண்டினால் பயனில்லை என்று முன்பு சொல்வார்கள். 7 முதல் 12 வயதுக்காரர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், மூடும் சிகிச்சையும் சேர்த்து எடுத்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரும், கண்ணாடி மட்டும் போட்டவர்களில் கால்வாசியினரும் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறினார்கள். அதனால் வயதைக் காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது. ஆனால் அந்த எண்கள் எழுத்து அட்டையில் படிப்பதைப் பற்றியவை, ஆழத்தைப் பற்றியவை அல்ல.

ஆழத்தின் கணக்கு

கண்ணாடி மட்டும் போட்டிருந்த பதினாறாம் வாரத்திலேயே அவள் ஈ புத்தகத்திலேயே இருக்கும் 400 ஆர்க் செகண்ட் விலங்குப் படத்தைச் சரியாகச் சொன்னாள். ஒற்றைக் கண்ணால் கேட்டபோது தெரியவில்லை என்றாள், ஆக உண்மை. பதினோராம் மாதம் வட்டங்களில் ஐந்தாவது வரிசை, 100 ஆர்க் செகண்ட். டம்ளர் தூரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர். அம்மாவிடம் கேட்டேன். "இப்பல்லாம் தொடறதில்ல சார். கரண்ட் போயி விளக்கு வெளிச்சத்துல ஊத்துனா மட்டும் தொடுவா" என்றார்.

இதை வைத்து 'ஆழப் பார்வை வந்துவிட்டது' என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் வட்டங்களுக்குக் கோடும் விளிம்பும் உண்டு, அவற்றை இரண்டு கண்ணிலும் பொருத்துவது எளிது. புள்ளிப் படத்தில் எந்தப் புள்ளிக்கு எந்தப் புள்ளி ஜோடி என்று மூளையே தேடவேண்டும். அதுதான் கடினம்.

இதற்கிடையில் அவள் தம்பியையும் வரவழைத்திருந்தோம். மூன்று வயது, யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லாத பிள்ளை. குவிக்கும் தசையைத் தளர்த்தும் அட்ரோபின் களிம்பை மூன்று நாள் போட்டுப் பார்த்ததில் வலது ப்ளஸ் 1.25, இடது ப்ளஸ் 3.25. அக்காவின் வழியிலேயே போய்க்கொண்டிருந்தான். அவனுக்குக் கண்ணாடி மட்டும்தான் கொடுத்தோம்.

பதினெட்டாம் மாத வருகைக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். தம்பிக்கு நான்கு வயது ஆகியிருந்தது. சிவப்பு–பச்சைக் கண்ணாடியைப் போட்டதும் "ரெண்டு பட்டாம்பூச்சி" என்றான், நான் கேட்பதற்கு முன்பே. அக்கா புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். முதலாவதைக் காட்டினாள். பக்கத்தைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தாள், தள்ளிப் பிடித்தாள். அரை நிமிடம் இருக்கும். "இதோ, இங்க ஒண்ணு மேல வந்து நிக்குது" என்று தாளுக்கு மேலே விரலை நிறுத்தினாள்.

அடுத்த பக்கங்களில் ஒரு துண்டு வெட்டிய தோசை போல் ஒரு வட்டம் மறைந்திருக்கும், வெட்டு எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டும். 480 ஆர்க் செகண்ட் படங்கள் இரண்டிலும் சரியாகச் சொன்னாள். 240-க்குப் போனோம். புத்தகத்தைச் சாய்த்துப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள், தம்பி ஏதோ சொல்ல வந்தபோது அவனைச் சும்மா இரு என்றாள். கடைசியில், "இந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல சார், புள்ளிதான் இருக்கு" என்றாள்.

சீட்டில் எழுதினேன்: இடது 6/9, வட்டம் 100, டிஎன்ஓ 480. மூன்று மாதம் கழித்து வரவும்.